முடிவு தெரியாத வரிசையில் தேடுவது எப்படி?

ஒரு செயலி இன்று திறந்தவுடன் நின்றுபோகிறது. முன்பு இப்படி இல்லை என்பது மட்டும் அதை எழுதும் குழுவில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால் ஒருவர் போன மாதம் என்கிறார், இன்னொருவர் பொங்கலுக்கு முன்பே பார்த்ததாகச் சொல்கிறார். இடையில் பலர் பல நூறு மாற்றங்களைச் செய்திருக்கிறார்கள். அவற்றில் ஏதோ ஒன்றுதான் இதைக் கெடுத்திருக்கிறது. அது எது?

இன்று மென்பொருள் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் `git` என்ற கருவியில் தங்கள் நிரலை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் அதில் ஒரு கமிட்டாகப் பதிவாகும். எந்தக் கமிட்டுக்கு வேண்டுமானாலும் பின்னோக்கிப் போய், அன்று நிரல் இருந்த நிலையை அப்படியே மீட்டெடுத்து ஓட்டிப் பார்க்கலாம். இப்போதைய நிலைக்கு `main` என்று பெயர். அதற்கு ஒரு கமிட் முந்தியது `main~1`, நூறு கமிட் முந்தியது `main~100`. ஒன்றை மீட்டெடுத்து, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்ப்பதை ஒரு சோதனை என்று வைத்துக்கொள்வோம். பெரிய மென்பொருளில் ஒரு சோதனைக்கே அரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே எத்தனை சோதனை என்பதுதான் செலவு.

இன்றிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் இந்த வரலாறு ஒரு வரிசை. முதலில் கெட்டது, கெட்டது, கெட்டது என்று வரும். பிழை நுழைந்த இடத்தைத் தாண்டியதும் நல்லது, நல்லது என்று போகும். கெட்டவையெல்லாம் ஒரு பக்கமும் நல்லவையெல்லாம் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்பதால், இதுவும் அடுக்கிவைத்த வரிசைதான். நாம் தேடுவது இரண்டும் சந்திக்கும் இடத்தை.

அடுக்கிய வரிசையில் தேட பைனரி தேடல் இருக்கிறது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நடுவில் திறந்து, வேண்டிய சொல் முன்னாலா பின்னாலா என்று பார்த்து, ஒரு பாதியை ஒதுக்கிவிடுகிறோம். மீதிப் பாதியில் மறுபடி நடுப்பக்கம். ஒவ்வொரு முறையும் பாதி கழிவதால் 1,024 பக்கமானாலும் 10 முறை திறந்தால் போதும். பக்கங்கள் இரட்டிப்பானால் ஒரு முறைதான் கூடும்.

ஆனால் நடு என்று ஒன்று இருக்க வேண்டுமானால் இரண்டு முனைகளும் தெரிந்திருக்க வேண்டும். நம் வழக்கில் ஒரு முனை கையில் இருக்கிறது, இன்றைய `main` கெட்டது. மறுமுனை எங்கே? நிச்சயமாக நல்லது என்று சொல்லக்கூடிய பழைய கமிட் எதுவும் நம்மிடம் இல்லை. வரிசை நீள்கிறது என்று தெரியும், எதுவரை போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. எழுதிக்கொண்டே இருக்கும் பதிவுக் கோப்பு, வேறொரு கணினியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கேட்டு வாங்கும் பட்டியல், எத்தனை உறுப்புகள் என்று சொல்லாமல் தரப்படும் எண்வரிசை, எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான்.

வரலாற்றின் முதல் கமிட்டையே மறுமுனையாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். `git` மொத்தக் கமிட்டுகளை எண்ணியும் தந்துவிடும். லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் `git` வரலாறு 2005-இல் தொடங்கி 10 லட்சம் கமிட்டுகளைத் தாண்டிவிட்டது. 10 லட்சத்தைப் பாதி பாதியாகக் குறைத்தால் ஏறத்தாழ 20 சோதனையில் ஒன்றுக்கு வந்துவிடும். எண்ணிக்கையைப் பார்த்தால் மலிவுதான். ஆனால் முதல் சோதனையே 5 லட்சம் கமிட்டுக்கு முன்னால் போய் நிற்கும். பல ஆண்டு பழைய அந்த நிரலை இன்றைய கம்பைலர் ஏற்கும் என்று நம்ப முடியாது. அது கேட்கும் துணை மென்பொருள்கள் கிடைக்காமல் போயிருக்கலாம். பிழை போன வாரம் வந்ததாக இருந்தாலும் அத்தனை தூரம் போய்த்தான் திரும்ப வேண்டும்.

ஆகவே வேறு வழி. அருகிலிருந்து தொடங்குவோம், ஆனால் அடியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவோம். `main~1` கெட்டதா? `main~2`? `main~4`? `main~8`? நல்லது ஒன்று அகப்படும்வரை இப்படியே. அகப்பட்டதும் நின்றுகொள்ளலாம். அதற்கு முந்திய சோதனை கெட்டது, இது நல்லது. இரு முனைகளும் கிடைத்துவிட்டன. இனிப் பைனரி தேடல் தன் வேலையைச் செய்யும்.

ஒரு வழக்கை முழுவதுமாக நடத்திப் பார்ப்போம். பிழையைக் கொண்டுவந்த கமிட் `main~700` என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இது தெரியாது. 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512 என்று பத்து இடங்களில் சோதிக்கிறோம், பத்தும் கெட்டது. பதினொன்றாவதாக 1,024, நல்லது. முதல் கட்டம் முடிந்தது. குற்றவாளி 512-க்கும் 1,023-க்கும் இடையிலுள்ள 512 கமிட்டுகளில் ஒன்று.

இப்போது நடு. 768-ஐப் பார்க்கிறோம், நல்லது. அப்படியானால் பிழை 768-க்கு இந்தப் பக்கம். 512-க்கும் 768-க்கும் நடு 640, கெட்டது. அடுத்து 704, நல்லது. 672, 688, 696, 700 என்று நான்கும் தொடர்ந்து கெட்டது. 702 நல்லது, 701 நல்லது. 701 நல்லது, 700 கெட்டது என்று ஆனபின் தேட ஒன்றும் மிச்சமில்லை. `main~700`-தான் அந்தக் கமிட். இரண்டாம் கட்டத்துக்கு 9 சோதனை, மொத்தம் 20.

10 லட்சத்தைப் பாதி பாதியாக வெட்டியிருந்தாலும் ஏறத்தாழ 20 ஆகியிருக்கும். ஆனால் இந்த 20-இல் ஒன்றுகூட 1,024 கமிட்டுக்கு அப்பால் போகவில்லை. பிழை ஐந்தே கமிட்டுக்கு முன் வந்திருந்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1, 2, 4 கெட்டது, 8 நல்லது, பிறகு 6, 5 என்று ஆறே சோதனையில் முடிந்திருக்கும். முழு வரலாற்றையும் வெட்டுகிறவருக்கு அப்போதும் 20 ஆகியே தீரும். இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. செலவை நிர்ணயிப்பது வரிசையின் நீளம் இல்லை, விடை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதுதான். வரிசை முடிவில்லாமல் நீண்டாலும் செலவு ஒரு துளிகூட ஏறாது.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்.

```python
def first_good(good):
    hi = 1
    while not good(hi):
        hi *= 2
    lo = hi // 2
    while hi - lo > 1:
        mid = (lo + hi) // 2
        if good(mid):
            hi = mid
        else:
            lo = mid
    return hi
```

மேலே இருக்கும் `while` இரட்டிப்பது, கீழே இருப்பது பாதியாக்குவது. இரண்டாவது சுற்று நடக்கும்போது எந்த நேரத்திலும் `lo` கெட்டது, `hi` நல்லது. இந்த ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டால் நிரலைப் படிப்பதில் சிரமம் இல்லை. நம் வழக்கில் இது 701-ஐத் தரும், அதற்கு ஒன்று முந்திய எண்தான் குற்றவாளி. ஏறுவரிசையில் அடுக்கிய எண்களில் ஒன்றைத் தேடுவதானால் `good(n)` என்பதற்கு, n-ஆம் எண் நாம் தேடும் எண்ணுக்குச் சமமா அல்லது பெரியதா என்று பொருள் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணுவதை 1-இலிருந்து தொடங்கினால் வேறெதையும் மாற்ற வேண்டாம்.

கையால் செய்கிறவர்களுக்கு முதல் கட்டம் முடிந்ததும் இரண்டாம் கட்டத்தை `git` தானே நடத்தித் தரும்.

```
git bisect start --first-parent main~512 main~1024
```

முதலில் கெட்டது, பிறகு நல்லது என்ற வரிசையில் தர வேண்டும். `--first-parent` எதற்கு என்றால், `~` குறி முதன்மைக் கிளை வழியாக மட்டுமே பின்னால் போகும். பக்கக் கிளைகள் வந்து கலந்த இடங்களை ஒற்றைக் கமிட்டாகவே எண்ணும். இரண்டு கட்டமும் ஒரே கோட்டில் நடக்க வேண்டுமானால் இது தேவை. கலந்த கமிட் ஒன்றே குற்றவாளி என்று முடிந்தால், அந்தக் கிளைக்குள் போய் மறுபடி ஒரு சிறு தேடல் நடத்த வேண்டியிருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண்ணுவதற்கு `main`-ஐப் பயன்படுத்துங்கள், `HEAD` வேண்டாம். பழைய கமிட்டை மீட்டெடுத்ததும் `HEAD` அங்கே போய் உட்கார்ந்துவிடும். அடுத்து `HEAD~8` என்றால் அது இன்றிலிருந்து எட்டு இல்லை, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எட்டு.

ஏன் இரண்டு மடங்கு? நூறு நூறாகப் போனால் என்ன? விடை 700-இல் இருந்தால் எட்டுச் சோதனையில் மறுமுனை கிடைத்துவிடும், உண்மையில் அது இரட்டிப்பதைவிட வேகம். ஆனால் விடை ஐந்தில் இருந்தால் நூறு கமிட் தாண்டிப்போய் வீணாகத் திரும்புவோம். விடை ஒரு லட்சத்தில் இருந்தால் ஆயிரம் சோதனை வேண்டும். கூட்டிக்கொண்டே போகிறவர், விடை எந்த அளவில் இருக்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்துவிட்டுத்தான் அடியின் நீளத்தைத் தேர்கிறார். பெருக்கிக்கொண்டே போகிறவருக்கு அந்த ஊகம் தேவையில்லை. ஐந்தானாலும் ஐந்து லட்சமானாலும் அதே விதி போதும்.

இரட்டிப்பதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. நாம் போகும் மிகத் தொலைவான இடம், விடை இருக்கும் இடத்தைப்போல இரண்டு மடங்கை ஒருபோதும் தாண்டாது. தூரம் போகப் போகச் சோதனை கடினமாகிற இடங்களில் இந்த உறுதிக்கு மதிப்பு அதிகம். நிரல் வரலாறு அப்படிப்பட்ட இடம்தான்.

இனி இது எங்கே வழுக்குகிறது என்று பார்ப்போம். மிகவும் நுட்பமான சிக்கல், வரிசை நாம் நினைத்தபடி அடுக்கப்பட்டதாக இல்லாமல் போவது. செயலியில் ஒரு பட்டன் பிழை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டன் சேர்க்கப்பட்டதே 900 கமிட்டுக்கு முன்புதான், பிழை வந்தது 700-இல். பட்டனை அழுத்தினால் சரியாக வேலை செய்கிறதா என்பது நம் சோதனை. 512-இல் செய்யவில்லை. 1,024-இலும் செய்யவில்லை, ஏனென்றால் அங்கே பட்டனே இல்லை. 2,048, 4,096 எல்லாவற்றிலும் இதே பதில்தான். நல்ல நிலை 701-க்கும் 900-க்கும் நடுவில் இருக்கிறது, நம் அடி அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. சோதனை ஒவ்வொன்றும் உண்மையைத்தான் சொன்னது, ஆனால் தேடல் வரலாற்றின் தொடக்கத்தில் போய் முட்டிக்கொள்ளும்.

இதற்கு மருந்து கேள்வியை மாற்றிக் கேட்பது. பட்டன் வேலை செய்கிறதா என்று கேட்காமல், இந்தக் குறிப்பிட்ட பிழை இங்கே இல்லைதானே என்று கேட்க வேண்டும். பட்டனே இல்லாத இடத்தில் பட்டனின் பிழையும் இல்லை, ஆகவே 1,024 நல்லது. வரிசை மறுபடி ஒழுங்காகிவிடுகிறது. வரிசையே முடிந்துபோன இடத்துக்கும் இதே விதிதான். எண்வரிசையில் 1,024-ஆம் இடமே இல்லை என்று பதில் வந்தால், அங்கே மிகப் பெரிய எண் ஒன்று இருப்பதாகக் கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் வரிசையின் நீளம் தெரியாது என்ற சிக்கல் தானே கரைந்துவிடும். இல்லாத இடங்கள் அத்தனையும் நல்லவற்றின் பக்கம் சேர்ந்துவிடுகின்றன. ஒரே ஒரு நிபந்தனை, இல்லை என்ற பதில் தெளிவாக வர வேண்டும். பைத்தானில் வரிசையின் எல்லைக்கு அப்பால் கேட்டால் பிழைச் செய்தி வரும். சி மொழியில் அப்படி எந்தக் காவலும் இல்லை, பக்கத்து நினைவகத்தில் கிடக்கும் ஏதோ ஒரு எண் பதிலாக வரக்கூடும். அங்கே இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது.

கம்பைலே ஆகாத கமிட் வேறு வகை. அங்கே பிழை இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியாது, நல்லது என்றும் எழுத முடியாது, கெட்டது என்றும் எழுத முடியாது. பக்கத்துக் கமிட்டைச் சோதிப்பதுதான் வழி. `git bisect skip` இதற்காகவே இருக்கிறது.

அடுத்தது, சில நேரம் மட்டும் தலைகாட்டும் பிழை. பத்து முறை ஓட்டினால் மூன்று முறைதான் நிற்கும் செயலிகள் உண்டு. அப்படிப்பட்ட பிழையைத் தேடும்போது 64-ஆம் இடத்தில் அது வெளிப்படாமல் போய், நாம் நல்லது என்று எழுதிவிட்டால் இரட்டிப்பு அங்கேயே நின்றுவிடும். பிறகு 32-க்கும் 64-க்கும் நடுவில் தேடுவோம். அங்கே உண்மையில் எல்லாமே கெட்டது. சோதனைகள் சரியாக நடந்தால் பதில் ஒவ்வொரு முறையும் கெட்டது, கெட்டது என்றே வந்து, கடைசியில் முதல் நல்லது 64 என்று முடியும். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. நிரல் திருப்பித் தரும் எண் 32, 64, 128 போல இரட்டிப்புப் புள்ளிகளில் ஒன்றாகவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்த இடத்தை நல்லது என்று சொன்னது முதல் கட்டத்தின் ஒரே ஒரு சோதனைதான், அதற்குப் பின் எதுவும் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. உண்மையாகவே விடை அங்கே இருக்கவும் கூடும், அது அரிது. அங்கே மட்டும் இல்லாமல், எந்தத் தேடல் முடிந்தபின்னும் கடைசியில் அருகருகே நிற்கும் நல்லதையும் கெட்டதையும் மீண்டும் சிலமுறை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது சிக்கல் கணினியின் எண்களில் இருக்கிறது. ஜாவா போன்ற மொழிகளில் வழக்கமான முழு எண் 32 பிட் கொண்டது, அதிகபட்சம் 2,147,483,647. இரட்டித்துக்கொண்டே போனால் 1,073,741,824 வரை ஒழுங்காக வரும். அடுத்த இரட்டிப்பு அந்த எல்லையை ஒன்றால் தாண்டும், உடனே மதிப்பு எதிர்ம எண்ணாகிவிடும். அதையும் இரட்டித்தால் பூச்சியம். பூச்சியத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூச்சியம்தான், நிரல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். நடுவைக் கணக்கிடும் வரியிலும் இதே பள்ளம் உண்டு. `lo`-வையும் `hi`-யையும் கூட்டும்போது கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டக்கூடும். ஜாவாவின் நூலகத்திலிருந்த பைனரி தேடலிலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் இருந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா ப்ளாக் 2006-இல் அதை வெளிப்படையாக எழுதினார். பைனரி தேடலைத் தவறில்லாமல் எழுதுவது எவ்வளவு கடினம் என்று ஜான் பென்ட்லி வகுப்பில் நடத்தியதை நேரில் கேட்ட மாணவர் அவர். பென்ட்லியின் புகழ்பெற்ற நூலில் இருந்த நிரலிலும் இதே பிழை இருந்தது. `lo + (hi - lo) / 2` என்று எழுதினால் இது வராது. மேலே கொடுத்த நிரல் பைத்தானில் இருக்கிறது, பைத்தானின் முழு எண்கள் தேவைக்கேற்ப வளர்ந்துகொள்ளும் என்பதால் அங்கே இந்தப் பயம் இல்லை.

அதே பென்ட்லிதான் ஆண்ட்ரூ யாவுடன் சேர்ந்து 1976-இல் மேல் எல்லை தெரியாத தேடலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர்கள் கேட்ட கேள்வி, இரட்டிப்பதைவிடச் சிக்கனமாக முடியுமா என்பது. அந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பதை நம் 700-ஐ வைத்தே காணலாம். இரண்டாம் கட்டத்தின் ஒன்பது பதில்களையும் வரிசையாக எழுதுங்கள், நல்லதுக்கு 0, கெட்டதுக்கு 1. 768 நல்லது, 640 கெட்டது, 704 நல்லது என்று போனால் 010111100 வரும். முன்னால் ஒரு 1 சேர்த்தால் 1010111100. இது 700-ஐ இரும எண்ணாக எழுதினால் வரும் அதே எண். தற்செயல் இல்லை. ஒவ்வொரு பாதியாக்கலும் விடையின் ஓர் இலக்கத்தைத்தான் கேட்டு வாங்குகிறது.

அப்படியானால் முதல் கட்டம் என்ன கேட்டது? பத்து முறை கெட்டது, பிறகு ஒரு நல்லது. 700-க்கு இரும எண்ணில் பத்து இலக்கங்கள். முதல் கட்டம் விடையைத் தேடவே இல்லை, விடைக்கு எத்தனை இலக்கம் என்று மட்டும் கண்டுபிடித்தது. நீளம் தெரியாத எண்ணை யாரிடமாவது சொல்ல வேண்டுமானால் முதலில் அதன் நீளத்தைச் சொல்ல வேண்டும், பிறகு இலக்கங்களைச் சொல்ல வேண்டும். பென்ட்லியும் யாவும் எழுதுவதற்கு ஓராண்டு முன், 1975-இல், பீட்டர் இலயஸ் முழு எண்களைப் பிட்களாக எழுதி அனுப்பும் குறியீடுகளை வகுத்தபோது செய்ததும் இதுதான். அவருடைய காமா குறியீடு நம் இரட்டிப்புத் தேடலின் அதே உருவம், முதலில் நீளம், பிறகு இலக்கங்கள்.

இங்கே ஒரு விரயம் கண்ணில் படுகிறது. இலக்கங்களை ஒவ்வொரு கேள்விக்கும் பாதி கழித்துச் சிக்கனமாக வாங்குகிறோம். நீளத்தை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு போட்டு எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். நீளமும் ஓர் எண்தான், அதற்கும் மேல் எல்லை தெரியாது. அப்படியானால் அதையும் இரட்டித்தே தேடலாமே! பென்ட்லியும் யாவும் சொன்னது இதைத்தான். அடுக்குகளை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்தால் நாம் சோதிக்கும் இடங்கள் 2, 4, 16, 256, 65,536 என்று தாவும். விடை 700 என்றால் 256 வரை கெட்டது, 65,536 நல்லது. பிறகு 8-க்கும் 16-க்கும் நடுவில் சரியான அடுக்கைப் பாதி பாதியாகத் தேடி, அதன்பின் எண்ணைத் தேட வேண்டும். `main~1`-ஐயும் சேர்த்து 18 சோதனையில் முடியும், 20 இல்லை. விடை 54 கோடிக்கும் 107 கோடிக்கும் இடையில் எங்கோ இருந்தால் எளிய இரட்டிப்புக்கு 60 கேள்வி, இந்த முறைக்கு 40. நீளத்தின் நீளத்தையும் இப்படித் தேடலாம், அதன் நீளத்தையும் தேடலாம். ஒவ்வொரு படியிலும் லாபம் சிறுத்துக்கொண்டே வரும்.

காகிதத்தில் இது அழகு. ஆனால் பிழை வேட்டையில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 700-ஆம் கமிட்டைத் தேடப் போனவரை இது 65,536-ஆம் கமிட்டுக்கு அனுப்பிவைக்கிறது. இரண்டு சோதனையை மிச்சம் பிடிக்கப் போய், கம்பைலே ஆகாத காலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். எல்லாக் கேள்விக்கும் ஒரே விலை என்றால்தான் பென்ட்லி–யாவ் கணக்கு வெல்லும். தூரத்துக் கேள்விக்கு விலை ஏறும் இடத்தில், இரு மடங்குக்கு மேல் போகாத எளிய முறைதான் சிறந்தது.

விலை ஒன்றே என்ற நிபந்தனை பொருந்தும் இடங்களிலும் எளிய இரட்டிப்பே பரவலாகப் புழங்குகிறது. பைத்தானில் ஒரு பட்டியலை அடுக்கச் சொன்னால் உள்ளே ஓடுவது டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய டிம்சார்ட் வழிமுறையிலிருந்து வந்தது. பின்னர் ஜாவாவும் அதை எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே அடுக்கிய இரண்டு துண்டுகளை அது ஒன்றாக இணைக்கும்போது, ஒரு துண்டின் முதல் உறுப்பு மற்றதில் எங்கே போய் உட்கார வேண்டும் என்று தேட வேண்டியிருக்கிறது. அந்தத் துண்டின் நீளம் அதற்குத் தெரியும், ஆனாலும் நடுவிலிருந்து தொடங்குவதில்லை. இடம் அருகிலேயே இருக்க வாய்ப்புண்டு என்பதால் முதல், இரண்டாவது, நான்காவது, எட்டாவது உறுப்பு என்று தாவி, பிறகு பாதியாக்குகிறது. பீட்டர்ஸ் இதற்குக் குதிரைப் பாய்ச்சல் என்று பெயர் வைத்தார்.

பாய்ச்சல் எப்போது லாபம் என்பதையும் அவர் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார். உறுப்புகளை 0-இலிருந்து எண்ணினால், உட்கார வேண்டிய இடம் 2 அல்லது 4 என்றால் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு போவதே சிக்கனம். 6-இலிருந்து மேலே போனால் பாய்ச்சல்தான் எப்போதும் வெல்கிறது, நடுவில் உள்ளவற்றில் இரண்டும் சமம். எந்த இடம் வரும் என்று முன்பே தெரியாததால் டிம்சார்ட் முதலில் ஒவ்வொன்றாகவே ஒப்பிடுகிறது. ஒரே துண்டு தொடர்ந்து ஏழு முறை வென்றால்தான் பாய்ச்சலுக்கு மாறுகிறது. அந்த ஏழும் நிலையானது இல்லை. பாய்ச்சல் பலன் தந்தால் வாசல் கொஞ்சம் தாழ்கிறது, தராவிட்டால் உயர்கிறது. கலைந்து கிடக்கும் தரவில் அது உயர்ந்துகொண்டே போய், பாய்ச்சல் ஏறக்குறைய நடப்பதே இல்லை.